எதிர்த்தரப்பு வேண்டாம் என்றார்கள்

பள்ளி முதல்வர் அறையில் ஏசி அதிகமாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கால் விரல்கள் மரத்துப் போயிருந்தன. முன்னால் ஒரு தட்டில் பிஸ்கெட். யாரும் தொடவில்லை.

"இது ஒரு சென்சிடிவ் விஷயம் மேடம்," என்று மூன்றாவது முறையாகச் சொன்னார் முதல்வர்.

என் பக்கத்து நாற்காலியில் ராகவன். புணேயில் பாணேர் பகுதியில் குடியிருப்பவர், கணினி நிறுவனத்தில் பெரிய பதவி, கும்பகோணத்துக்காரர். அவர் மகனும் என் மகள் அபியும் பதினொன்றாம் வகுப்பில் ஒன்றாகப் படிக்கிறார்கள். அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். முதல்வருக்குப் புரியாது என்ற தைரியம்.

"நீங்களே சொல்லுங்கோ. கொலைகாரனுக்காக நம்ம குழந்தைகள் மேடை ஏறிப் பேசணுமா? அதுவும் அந்தப் பொண்ணு சானிகா உக்காந்துண்டு இருக்கற கிளாஸ்ல?"

"சானிகாவைக் கேட்டீங்களா?" என்றேன்.

"அதை எப்படிங்க கேக்க முடியும்!" என்றார், நான் அநாகரிகமாக ஏதோ சொல்லிவிட்டதைப் போல.

எனக்குக் கோபம் வந்தது அந்த நொடியில்தான்.

நடந்தது இதுதான்

ஔந்தில் எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிட தூரத்தில் அபியின் பள்ளி. அங்கே அரசியல் பாடம் எடுப்பவர் மீனல் மிஸ். மராத்திக்காரர், முப்பது வயதுக்குள், சத்தமாகச் சிரிப்பவர். வகுப்பில் ஒரு விவாதத்துக்கு ஏற்பாடு செய்தார். மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா? சீட்டுக் குலுக்கித் தரப்பைப் பிரித்தார். சொந்தக் கருத்து என்னவாக இருந்தாலும் கையில் வந்த தரப்புக்காகப் பேச வேண்டும். மூன்று சுற்று: தவறு நேர்ந்தால் திருத்த முடியுமா, தண்டனை பயத்தால் குற்றம் குறையுமா, குற்றத்தின் அளவுக்குத் தண்டனையின் அளவு பொருந்துகிறதா. தொடங்குமுன் ஒரு வாக்கெடுப்பு, முடிந்தபின் ஒன்று. எந்தத் தரப்பு அதிகம் பேரின் மனதை அசைக்கிறதோ அதற்கே வெற்றி.

அபிக்கு 'வேண்டாம்' சீட்டு. சானிகாவுக்கு 'வேண்டும்'.

சானிகாவின் அண்ணன் ஓம்கார் இரண்டு வருடங்களுக்கு முன்னால் கொல்லப்பட்டான். வண்டி நிறுத்தும் தகராறு. ஒருவன் கத்தியை எடுத்துவிட்டான். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. சீட்டைப் பார்த்ததும் மீனல் மிஸ் அவளைத் தனியே கூப்பிட்டு, விலகிக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறார். மாட்டேன் என்றிருக்கிறாள்.

அவளிடம் கேட்ட ஒரே பெரியவர் மீனல் மிஸ்தான்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ராகவன் எழுதினார்: 'கொலைகாரர்களுக்கு வக்காலத்து வாங்கக் கற்றுத்தருகிறதா நம் பள்ளி?' கீழே நெருப்புப் படங்கள், கைகூப்பிய படங்கள், தூக்குக் கயிற்றின் படம் ஒன்று. ஒரு தாய், 'இவர்களையெல்லாம் நடுத்தெருவில் தொங்கவிட வேண்டும்' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் நாளைக்கு யூனிஃபார்மா கலர் டிரஸ்ஸா என்று கேட்டிருந்தார்.

மறுநாள் அபி பையை சோபாவில் எறிந்தாள்.

"அம்மா, எதிர்ப் பக்கமே வேணாம்னு பிரின்சிபல் சொல்லிட்டாராம். மத்லப், அதாவது, எல்லாரும் 'வேணும்' மட்டும் பேசணுமாம். அப்புறம் போஸ்டர் வரையணுமாம். இது என்ன டிபேட்?"

ஒரு பால்பாயின்ட் பேனா

எனக்கு ஏன் அத்தனை கோபம் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கோர்படி ரயில்வே காலனியில் வளர்ந்து, சுருக்கெழுத்துப் படித்து, நீதிமன்ற வேலைக்குப் போன கதையை இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், 'தூக்குத் தண்டனைத் தீர்ப்பைத் தட்டச்சு செய்திருக்கிறீர்களா?' என்று கேட்டிருந்தார்.

செய்திருக்கிறேன். ஒரே ஒரு முறை, புணேயில் அல்ல, வேறு மாவட்டத்தில் வேலையில் இருந்தபோது.

தூக்கு விதித்ததும் நீதிபதி வழக்கப்படி பேனா நிப்பை உடைத்தாரா என்று எல்லோரும் ஆவலாகக் கேட்கிறார்கள். அவர் எடுத்தது பால்பாயின்ட் பேனா. எழுதவில்லை என்று உதறி, என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு திருப்பிக் கொடுத்தார். அதை அதன்பின் நான் பயன்படுத்தவில்லை.

அவர் கெட்டவர் அல்ல. இரண்டு நாள் சொல்லச் சொல்ல எழுதினேன். குற்றவாளி என்று தீர்ப்பு ஒரு நாள். தண்டனை என்ன என்று இரு தரப்பையும் கேட்பது தனியாக. கொலைக்கு ஆயுள்தான் வழக்கம், தூக்கு விதிவிலக்கு. அரிதினும் அரிதான வழக்கில், ஆயுள் தண்டனை போதவே போதாது என்ற நிலையில் மட்டும்தான் கொடுக்கலாம். கொடுத்தால் சிறப்புக் காரணங்களை எழுத வேண்டும். உயர் நீதிமன்றம் உறுதி செய்யும்வரை நிறைவேற்ற முடியாது. இதையெல்லாம் அவர் ஒழுங்காகச் செய்தார். கடைசி வரியில் பாதியில் நிறுத்தினார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னார்.

சில வருடங்கள் கழித்து உயர் நீதிமன்றம் அந்த மனிதனை விடுதலை செய்தது. தண்டனையைக் குறைக்கவில்லை, குற்றமே நிரூபிக்கப்படவில்லை என்றது. கத்தியைக் கைப்பற்றியபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், அதே காவல் நிலையத்தின் பல வழக்குகளில் அதே மாதிரி கையெழுத்துப் போட்டவர். அடையாள அணிவகுப்புக்கு முன்பே சாட்சிகளுக்கு அவன் புகைப்படத்தைக் காட்டியிருந்தார்கள். இதையெல்லாம் கண்டுபிடித்தவர், இலவச சட்ட உதவியில் வந்த ஒரு வக்கீல். வழக்குக் கட்டு முழுவதையும் படித்தவர் அவர் ஒருவர்தான்.

அந்தச் சாட்சியின் பெயரை நானும் தட்டச்சு செய்திருந்தேன். எழுத்துப் பிழை இல்லாமல்.

அவன் சிறையில் இருந்தபோது அவன் தாய் இறந்துவிட்டாள் என்று செய்தியில் ஒரு வரி இருந்தது.

கதவைத் தட்டியவள்

முதல்வர் அறைக்குத் திரும்புகிறேன். ராகவன் பேசிக்கொண்டே இருந்தார். அந்தக் குழந்தையின் மனம் என்ன பாடுபடும், அவள் குடும்பத்துக்கு நாம் என்ன பதில் சொல்வது என்று. நல்ல வார்த்தைகள். அவை ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் வாயை மூடப் பயன்பட்டுக்கொண்டிருந்தன.

கதவு தட்டப்பட்டது. அனுமதிக்குக் காத்திராமல் சானிகா உள்ளே வந்தாள். பின்னால் அபி. சானிகா ஒல்லி, இரட்டைப் பின்னல், கையில் சுருட்டிய நோட்டு. இந்தியில் பேசினாள். அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"சார், என் பேரைச் சொல்லி டிபேட்டை நிறுத்துறீங்களாம். நான் நிறுத்தச் சொல்லலை."

"பேட்டா, உன் நன்மைக்காகத்தான்..." என்று ஆரம்பித்தார் முதல்வர்.

"என் அண்ணனைக் கொன்னவனைத் தூக்குல போடணும். ரெண்டு வருஷமா அதைத்தான் சொல்றேன். எல்லாரும் தலையாட்டுறாங்க. ஒருத்தரும் எதிர்த்துப் பேசறதில்லை. பாவம்னு பார்க்கிறாங்க. நான் சொல்றது சரியா தப்பான்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது. இவ," என்று அபியைக் காட்டினாள், "எதிர்த்துப் பேசுவா. இவளுக்குப் பதில் சொல்லணும் எனக்கு."

ராகவன் கனிவாக, "அங்கிள் உன் பக்கம்தாம்மா," என்றார் இந்தியில்.

"அப்போ எதிர்ப் பக்கத்தைப் பேச விடுங்க," என்றாள்.

முதல்வர் கண்ணாடியைத் துடைத்தார். வகுப்புக்குள்ளேயே நடக்கட்டும், வீடியோ எடுக்கக் கூடாது, வேண்டுமானால் பெற்றோர் இருவர் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார். ராகவனும் நானும்தான் அந்த இருவர்.

மூன்று சுற்று

நாற்பத்தோரு பேர். முதல் வாக்கெடுப்பில் 'வேண்டும்' முப்பத்து மூன்று, 'வேண்டாம்' ஐந்து, 'முடிவு செய்யவில்லை' மூன்று. ராகவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கரும்பலகையில் மீனல் மிஸ் மூன்று கோடு போட்டார். பேச்செல்லாம் ஆங்கிலம்.

முதல் சுற்று, திருத்த முடியாமை. அபி தொடங்கினாள். சிறையில் தவறாக அடைத்தவனை வெளியே விடலாம், போன வருடங்கள் திரும்பாது என்றாலும் மிச்ச வருடங்கள் அவனுடையவை. தூக்கிலிட்டவனுக்கு மிச்சம் எதுவும் இல்லை என்றாள். காவலர், சாட்சி, வக்கீல், நீதிபதி எல்லோரும் மனிதர்கள். கீழ் நீதிமன்றம் விதித்த தூக்கில் பெரும்பாலானவை மேல் நீதிமன்றத்தில் நிற்பதில்லை என்றாள். பிறகு நான் மேலே எழுதிய வழக்கைச் சொன்னாள். வீட்டில் எப்போதோ சொல்லியிருக்கிறேன். பெயர் சொல்லாமல் சொன்னாள்.

சானிகா எழுந்தாள்.

"அவன் விடுதலையானான் இல்லையா? அப்படின்னா மேல்முறையீடு வேலை செய்யுது. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், மறுசீராய்வு, கருணை மனு. இத்தனை சல்லடை இருக்கு. அவனைக் காப்பாத்தின அதே அமைப்பை நம்பக் கூடாதுன்னு எப்படிச் சொல்றே?"

"அவனைக் காப்பாத்தினது அமைப்பில்லை. கேஸ் கட்டைப் படிச்ச ஒரு வக்கீல். அவர் கிடைக்காதவங்களை யார் எண்ணிப் பார்த்தாங்க? தூக்குல போட்ட பிறகு யாரும் கட்டைத் திறக்கறதில்லை."

"சரி," என்றாள் சானிகா. "சந்தேகமே இல்லாத வழக்கு? பட்டப்பகல், பத்துப் பேர் பார்த்தாங்க, கேமராவுல பதிவாயிருக்கு. அங்கே உன் வாதம் என்ன?"

அது யாருடைய வழக்கு என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

"அங்கே இந்த வாதம் நிக்காது," என்றாள் அபி. "ஆனா சட்டத்துல 'சந்தேகமே இல்லாத வழக்கு'ன்னு தனிப் பிரிவு கிடையாது. தப்பாத் தண்டிச்ச ஒவ்வொரு வழக்கையும் அன்னிக்கு அப்படித்தான் நினைச்சாங்க."

என் மகள் தெரியாததைத் தெரியும் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

இரண்டாம் சுற்று, பயம். ராகவனின் மகன் ரோஹித் 'வேண்டும்' தரப்பு. சாவுக்கு அஞ்சாதவன் யார், தண்டனை கடுமையானால் குற்றம் குறையும், இது பொது அறிவு என்றான். அப்பா தலையாட்டினார். அபியின் கூட்டாளிப் பையன் பதில் சொன்னான். கனடாவில் மரண தண்டனையை எடுத்த பிறகு கொலை விகிதம் ஏறவில்லை, இறங்கியது. அமெரிக்காவில் அறிஞர் குழு ஒன்று பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, தூக்கு கொலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, ஒன்றுமே செய்யவில்லையா என்பதை இவற்றை வைத்துச் சொல்ல முடியாது என்றது. ஆத்திரத்தில் குத்துபவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. திட்டமிடுபவன் மாட்டமாட்டோம் என்று நினைக்கிறான். தண்டனையின் கடுமையைவிட, பிடிபடுவது நிச்சயம் என்பதுதான் தடுக்கும்.

சானிகாவின் பதில் என்னை நிமிர வைத்தது.

"கனடாவுல வேற காரணத்தாலயும் குறைஞ்சிருக்கலாம். 'சொல்ல முடியாது'ன்னா ரெண்டு பக்கமும் சொல்ல முடியாது. 'பயம் வேலை செய்யாது'ன்னு நீயும் நிரூபிக்கலை."

"உண்மை," என்றான் பையன். "ஆனா உயிரை எடுக்கணும்னு கேக்கறவங்கதானே நிரூபிக்கணும்?"

ரோஹித் எழுந்து, தன் தரப்புக்கு இது பலவீனமான இடம் என்று ஒப்புக்கொண்டான். ராகவன் தலையாட்டுவதை நிறுத்தியிருந்தார்.

ஒரு பெண் இன்னொன்றும் கேட்டாள். பாலியல் குற்றத்துக்கும் கொலைக்கும் ஒரே தூக்கு என்றால், சாட்சி சொல்லக்கூடிய பெண்ணை உயிரோடு விட அவனுக்கு என்ன காரணம் இருக்கும்? குற்றவாளி சித்தப்பாவோ மாமாவோ என்றால் வீட்டில் புகார் கொடுக்க விடுவார்களா? தூக்குக் கயிற்றுப் படம் அனுப்பியவர்கள் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் சுற்று, அளவு. சானிகா நோட்டைத் திறக்கவில்லை.

"தண்டனை பழிவாங்கறது இல்லை, குற்றத்தோட எடையைச் சமூகம் அளந்து சொல்றது. திருட்டுக்கு ஒரு அளவு, கொலைக்கு ஒரு அளவு. ஆயுள்னா பதினாலு வருஷம் கழிச்சுத் தண்டனைக் குறைப்பு கேக்கலாம். அப்போ அவனுக்கு நாற்பது வயசுகூட ஆகாது. கல்யாணம் பண்ணிப்பான். என் அண்ணனுக்கு எப்பவும் பத்தொன்பது. இந்த ரெண்டும் ஒரே தராசுல நிக்குமா? சொல்லு."

அபி எழுந்தாள். மெதுவாகப் பேசினாள்.

"நிக்காது. ஆனா அளவுன்னா அதே காரியத்தைத் திருப்பிச் செய்யறதில்லை. வீட்டைக் கொளுத்தினவன் வீட்டை நாம கொளுத்தறதில்லை."

"நான் நகல் கேக்கலை. இருக்கறதுலயே பெரிய குற்றத்துக்கு இருக்கறதுலயே பெரிய தண்டனை கேக்கறேன்."

"அந்த உச்சி தூக்காத்தான் இருக்கணுமா? குறைப்பே இல்லாம முப்பது வருஷம், இல்லைன்னா சாகிறவரைக்கும்னு மேல் நீதிமன்றங்கள் விதிக்கலாம். அரிதினும் அரிதுன்னு சட்டம் அளவு வெச்சிருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அதை அளக்கற கை ஒவ்வொரு நீதிபதிக்கும் வேற. ஒரே மாதிரி வழக்குல ஒருத்தருக்கு ஆயுள், இன்னொருத்தருக்குக் கயிறு. நல்ல வக்கீல் வைக்க முடியாதவன்தான் பெரும்பாலும் மாட்டறான். அளவுகோலே கோணலா இருந்தா அதுல எப்படி அளவு பார்க்கறது?"

"அப்போ கோலை நேராக்கு. அளக்காதேன்னு சொல்லாதே," என்றாள் சானிகா.

மணி அடித்தது. யாரும் எழவில்லை.

இரண்டாவது வாக்கெடுப்பு. 'வேண்டும்' பத்தொன்பது. 'வேண்டாம்' பன்னிரண்டு. 'முடிவு செய்யவில்லை' பத்து. விதிப்படி அபியின் தரப்பு வென்றது. சானிகா கையைத் தூக்கியது 'வேண்டும்' என்பதற்குத்தான். மீனல் மிஸ் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கரும்பலகையை அழித்தார்.

வெளியே வந்ததும் ராகவன், "என்ன இருந்தாலும் மெஜாரிட்டி நம்ம பக்கம்தான்," என்றார். அவர் மகன் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பதினோரு மணி

சில வாரங்கள் கழித்து ஓம்கார் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. தண்டனை குறித்து இரு தரப்பையும் கேட்க வேறு நாள், காலை பதினோரு மணிக்கு. சானிகாவின் அம்மாவுக்கு அங்கே என்ன நடக்கும் என்று தெரியவில்லை. சானிகா எனக்குப் போன் செய்தாள். போனேன். பள்ளிக்கு விடுப்புச் சொல்லி அபியும் வந்தாள்.

வாட்ஸ்அப் குழுவில் முந்தின நாள் முழுக்க முழக்கம். 'தூக்கு ஒன்றே நீதி'. 'நாங்கள் எல்லோரும் உன்னோடு, சானிகா'. எண்ணிப் பார்க்கவில்லை, விரல் வலிக்கும் அளவுக்குத் தள்ள வேண்டியிருந்தது.

நீதிமன்றத்தில் எங்கள் வரிசையில் நான்கு பேர். சானிகா, அவள் அம்மா, அபி, நான். பின் வரிசையில் ஓம்காரைக் கொன்றவனுடைய அம்மா, தனியாக, மடியில் ஒரு துணிப்பையோடு.

அரசு வக்கீல் தூக்குக் கேட்கவில்லை. திடீர்த் தகராறு, முன் குற்றம் இல்லை, இளவயது. இது அரிதினும் அரிது ஆகாது என்று அவருக்குத் தெரியும். அவன் வக்கீல் குடும்ப நிலையைச் சொன்னார். அவனை ஏதாவது சொல்லச் சொன்னபோது தரையைப் பார்த்தபடி நின்றான். அரை மணிநேரம்கூட ஆகவில்லை. ஆயுள்.

"ஜன்மட்டேப்," என்று மராத்தியில் மெல்லச் சொல்லிப் பார்த்தாள் சானிகாவின் அம்மா. ஆயுள் தண்டனை. அவள் அழவில்லை. பின்னாலிருந்துதான் அழுகை கேட்டது.

வெளியே படியில் சானிகா அபியிடம், "எனக்கு இன்னும் அவன் சாகணும்னுதான் இருக்கு," என்றாள்.

"தெரியும்," என்றாள் அபி.

"நீ ஜெயிச்சிட்டேன்னு நினைக்காதே."

"நினைக்கலை."

செய்தி எப்படியோ குழுவுக்குப் போய்விட்டது. ராகவனின் வரி வந்து விழுந்தது: 'நீதி செத்துவிட்டது. நம் எல்லோருக்கும் இது கறுப்பு நாள்.' அழும் முகங்கள் வரிசை கட்டின. சானிகா தன் அம்மாவின் போனை வாங்கினாள். அம்மாவும் அந்தக் குழுவில்தான் இருந்தாள். ஒரே வரி தட்டினாள்.

'பதினோரு மணிக்கு இங்கே இடம் காலியாக இருந்தது, அங்கிள்.'

இரண்டு நிமிடத்தில் என் போன் அடித்தது.

"குழந்தையை யாருங்க இப்படித் தூண்டி விடறது? நீங்கதானே?" ராகவன்தான்.

"அவளா எழுதினா சார்."

"துக்கத்துல இருக்கறவ, அவளுக்கு என்ன தெரியும்? நாங்க எல்லாம் அவளுக்காகத்தான் பேசினோம்!"

"அவளுக்காகப் பேச வேண்டாம். அவ என் பக்கத்துலதான் நிக்கறா. அவகிட்டயே பேசுங்க," என்று சொல்லிப் போனை அவள் கையில் கொடுத்தேன்.

சானிகா காதில் வைத்து, "ஹலோ, அங்கிள்," என்றாள்.

பிறகு போனை என்னிடம் நீட்டினாள். அவர் வைத்துவிட்டிருந்தார்.